உரையாடலிலும் துரத்தலிலும் கேமரா தாண்டக் கூடாத கோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லைன் தாண்டக் கூடாது என்கிறார்களே, அந்த லைன் எங்கே இருக்கிறது?

இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால், ஒருவர் கண்ணிலிருந்து மற்றவர் கண்ணுக்குப் போகும் பார்வையை இரு பக்கமும் நீட்டிக் கொள்ளுங்கள், அதுதான் கோடு. ஓடும் மனிதர் அல்லது வண்டி என்றால், அது போகும் திசையே கோடு. காட்சியின் முதல் ஷாட்டைக் கோட்டின் எந்தப் பக்கத்தில் நின்று எடுத்தீர்களோ, அந்தப் பக்கத்து அரைவட்டத்துக்குள், அதாவது 180 பாகைக்குள், மற்ற ஷாட்டுகளையும் எடுக்க வேண்டும் என்பதே விதி.

இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே காட்சியை வைத்துக்கொள்வோம். ஒரு டீக்கடை மேசை. மேற்குப் பக்கம் குமரன் கிழக்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறான். கிழக்குப் பக்கம் செல்வி மேற்கு நோக்கி உட்கார்ந்திருக்கிறாள். வடக்கே பாய்லருக்குப் பின்னால் டீ மாஸ்டர் நிற்கிறார். தெற்கே தெரு, கேமரா அங்கிருந்து வடக்கு நோக்கி நிற்கிறது. எனவே திரையில் குமரன் இடப்பக்கம் இருந்துகொண்டு வலப்பக்கம் பார்க்கிறான். செல்வி வலப்பக்கம் இருந்துகொண்டு இடப்பக்கம் பார்க்கிறாள். கோடு மேசையின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது.

தாண்டினால் அப்படி என்ன ஆகிவிடும்?

குமரனின் குளோஸைத் தெற்கிலிருந்து எடுத்துவிட்டு, செல்வியின் குளோஸுக்கு மட்டும் கேமராவை பாய்லர் பக்கம், அதாவது வடக்கே, கொண்டுபோய் வைத்ததாகக் கொள்வோம். செல்வி இன்னும் மேற்கு நோக்கித்தான், குமரனைத்தான் பார்க்கிறாள். தளத்தில் நிற்கும் யாருக்கும் ஒரு குறையும் தெரியாது. ஆனால் வடக்கிலிருந்து தெற்கே பார்க்கும் கேமராவுக்கு மேற்கு என்பது வலப்பக்கம். ஆக, செல்வியும் திரையில் வலப்பக்கம் பார்ப்பாள். இரண்டு குளோஸையும் ஒட்டிப் பார்த்தால், இரண்டு பேருமே வலப்பக்கம் நிற்கும் மூன்றாவது ஆள் ஒருவரைப் பார்த்துப் பேசுவதுபோல் இருக்கும். அல்லது குமரன் செல்வியின் முதுகோடு பேசுவதுபோல் இருக்கும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. முகத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விட்டு ஃபிரேம் வைப்பது ஒளிப்பதிவாளர்களின் வழக்கம். வலப்பக்கம் பார்க்கும் குமரனை ஃபிரேமின் இடப்பக்கத்தில் வைப்பார்கள். விதிப்படி எடுத்திருந்தால் செல்வி வலப்பக்கத்தில் இருப்பாள்; பார்வையாளரின் கண் குமரனின் பார்வை போகும் வழியிலேயே நகர்ந்து, கட் ஆனதும் அவள் முகத்தைத் தொடும். கோட்டைத் தாண்டி எடுத்த குளோஸில் செல்வியும் வலப்பக்கம் பார்ப்பதால், அவளையும் இடப்பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள். அப்போது குமரனின் முகம் இருந்த அதே இடத்தில் செல்வியின் முகம் வந்து விழும். எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பதிலாக, குமரனே செல்வியாக மாறியதுபோன்ற ஒரு துள்ளல் தெரியும். கதை தெரிந்த பார்வையாளர் அடுத்த கணமே சுதாரித்துக்கொள்வார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கணத்தில் பேசப்பட்ட வசனம் அவர் காதில் ஏறியிருக்காது.

பின்னணியைப் பார்த்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள மாட்டார்களா?

அகலமான ஷாட்டில் ஓரளவு புரிந்துகொள்வார்கள். குளோஸில் அது நடப்பது அரிது. 85 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டு அபெர்ச்சரை நன்றாகத் திறந்து எடுத்தால், பின்னணியில் மிச்சமிருப்பது மங்கலான நிறங்கள் மட்டுமே. பார்வையாளர் டீக்கடையை நேரில் பார்த்ததில்லை. அவர் மனத்தில் இருக்கும் டீக்கடை, முந்தைய ஷாட்டுகள் தந்த குறிப்புகளிலிருந்து அவரே கட்டிக்கொண்டது. குளோஸில் அவருக்குக் கிடைக்கும் ஒரே இடக்குறிப்பு, முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதுதான். அந்த ஒரே குறிப்பும் பொய் சொன்னால் வேறு எதையும் வைத்து அவரால் சரிபார்க்க முடியாது.

பின்னணி தெளிவாக இருந்தாலும் தொல்லை தீராது, சில சமயம் கூடும். தெற்கிலிருந்து எடுத்த ஷாட்டுகளில் பின்னால் பாய்லரும் பன் பாட்டில்களும் தெரிந்திருக்கும். வடக்கிலிருந்து எடுத்ததில் திடீரென்று தெருவும் ஓடும் பேருந்தும் தெரியும். திரையில் திசையும் மாறி, சூழலும் மாறினால், செல்வி வேறொரு கடையில் உட்கார்ந்திருப்பதாகவே தோன்றலாம்.

சஜஷன் ஷாட்டில் எந்தத் தோளுக்கு மேலாக எடுப்பது என்று எப்படி நினைவில் வைப்பது?

ஒருவரின் இடத் தோள் என்றால், மற்றவரின் வலத் தோள். டீக்கடையில் கேமரா தெற்கே இருக்கிறது. மேற்கு நோக்கி உட்கார்ந்திருக்கும் செல்விக்குத் தெற்கு என்பது இடப்பக்கம். ஆகவே குமரனைக் காட்டும்போது அவளுடைய இடத் தோளுக்கு மேலாக எடுக்க வேண்டும். கிழக்கு நோக்கியிருக்கும் குமரனுக்குத் தெற்கு வலப்பக்கம். செல்வியைக் காட்டும்போது அவனுடைய வலத் தோள் ஃபிரேமில் வர வேண்டும். இரண்டிலும் இடத் தோளே வந்திருந்தால் கோடு தாண்டிவிட்டது என்று அர்த்தம். மானிட்டரில் சரிபார்க்க இதைவிட எளிய வழி இல்லை. இரண்டு ஷாட்டிலும் செல்வி திரையின் வலப்பாதியில், முகமாகவோ முதுகாகவோ, இருந்தே ஆக வேண்டும்.

டைட் குளோஸில் நடிகர் கிட்டத்தட்ட லென்ஸையே பார்க்கிறார். அப்போதும் பக்கம் முக்கியமா?

அப்போதுதான் அதிகம் தவறு நடக்கிறது. கேமரா கோட்டை நெருங்க நெருங்க, நடிகரின் பார்வை லென்ஸை ஒட்டி வரும். லென்ஸுக்கு ஒரு சாண் வலப்புறம் பார்ப்பதற்கும் ஒரு சாண் இடப்புறம் பார்ப்பதற்கும் கேமரா இருக்கும் இடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. திரையிலோ அது முழுத் திசை மாற்றம்.

எதிர் நடிகர் கேரவனுக்குப் போய்விட்ட பிறகு எடுக்கும் குளோஸ்களில் இது அடிக்கடி நடக்கும். ஓர் உதவி இயக்குநர் வசனத்தாளை வைத்துக்கொண்டு லென்ஸ் பக்கத்தில் நின்று 'லுக்' கொடுப்பார். லைட் ஸ்டாண்டு இடிக்கிறது, ஃபோகஸ் புல்லருக்கு இடம் வேண்டும் என்று அவர் லென்ஸின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறி நின்றுவிடுவார். கேமரா ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆனாலும் கோடு தாண்டியாகிவிட்டது. குமரனுடைய குளோஸில், கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் நோக்கில் லென்ஸின் வலப்பக்கம்தான் லுக் இருக்க வேண்டும். லென்ஸை ஒட்டி மேட் பாக்ஸின் வலது விளிம்பில் ஒரு துண்டு வண்ண டேப்பை ஒட்டி, அதைப் பார்க்கச் சொல்வது நல்ல பழக்கம். டேப்பை ஒட்டும் முன் முந்தைய ஷாட்டை மானிட்டரில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். கோடு எங்கே என்று தளத்தில் கால்மணி நேரம் வாதாடுவதைவிட அந்த ஒரு பிளேபேக் வேகமாக முடியும்.

மூன்றாவது ஆள் பேச ஆரம்பித்தால் எந்தக் கோட்டைப் பிடித்துக்கொள்வது?

யார் யாரைப் பார்க்கிறார்களோ, அந்தக் கோட்டை. கோடு காட்சி முழுவதற்கும் ஒன்றுதான் என்று எண்ணுவதால்தான் மூவர் காட்சிகள் பயமுறுத்துகின்றன. உண்மையில் பார்வை திரும்பும்போதெல்லாம் கோடும் திரும்புகிறது.

பாய்லருக்குப் பின்னாலிருந்து மாஸ்டர், "தம்பி, சர்க்கரை போடவா?" என்று கேட்கிறார். குமரன் இடப்பக்கமாகக் கழுத்தைத் திருப்பி அவரைப் பார்க்கிறான். இப்போது குமரனுக்கும் மாஸ்டருக்கும் இடையே ஒரு புதுக் கோடு. தெற்கே நிற்கும் கேமராவுக்குக் குமரன் இடப்பக்கமும் மாஸ்டர் நடுவிலும் தெரிகிறார்கள். எனவே குமரன் இப்போதும் வலப்பக்கம்தான் பார்க்கிறான். மாஸ்டர் அவனைப் பார்க்கும்போது இடப்பக்கம் பார்க்க வேண்டும். அடுத்து மாஸ்டர் செல்வியிடம், "உங்களுக்கும்மா?" என்கிறார். செல்வி கேமராவுக்கு வலப்பக்கம் இருக்கிறாள். ஆகவே மாஸ்டர் இப்போது வலப்பக்கம் பார்க்க வேண்டும்.

இதிலிருந்து தெரிவது என்னவென்றால், மாஸ்டரின் குளோஸுக்கு இரண்டு லுக் தேவை: இடம் என்றால் குமரன், வலம் என்றால் செல்வி. இரண்டு வசனத்தையும் ஒரே பக்கம் பார்த்துச் சொல்ல வைத்தால், அவர் யாரிடம் எதைக் கேட்டார் என்பது தெரியாமல் போகும். மாஸ்டரின் இரண்டு லுக்கும் சரியாக இருந்தால், மூன்று பேரும் சேர்ந்திருக்கும் ஷாட்டை மீண்டும் காட்டாமலே காட்சியை வெட்டிச் செல்லலாம். நான்கு, ஐந்து பேர் உட்கார்ந்திருந்தாலும் இதே கணக்குதான். ஒவ்வொரு வசனத்துக்கும் யார் யாரைப் பார்க்கிறார் என்று வசனத்தாளின் ஓரத்தில் அம்புக்குறி போட்டுக்கொண்டால் போதும்.

நடிகர் எழுந்து இடம் மாறினால் கோடு என்ன ஆகும்?

அவரோடு போகும். குமரன் எழுந்து மேசைக்கு முன்னால் நடந்து செல்வியின் முதுகுப் பக்கம், கிழக்கே, போய் நிற்கிறான். அவளும் திரும்பி அவனைப் பார்க்கிறாள். கேமரா தெற்கிலேயே இருக்கிறது. இப்போது செல்வி இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் பார்க்கிறாள். குமரன் வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் பார்க்கிறான். லுக் இரண்டும் தலைகீழாக மாறிவிட்டன. ஆனாலும் குழப்பமில்லை, ஏனென்றால் மாறியதைப் பார்வையாளர் கண்ணால் பார்த்தார்.

ஆபத்து படப்பிடிப்பு வரிசையில் இருக்கிறது. ஒளியமைப்பை மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்த, செல்வியின் குளோஸ் அத்தனையையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவது நம் தளங்களின் நடைமுறை. அதில் குற்றமில்லை. ஆனால் குமரன் எழுவதற்கு முந்தைய வசனங்களுக்கு இட லுக், எழுந்து போன பிந்தைய வசனங்களுக்கு வல லுக் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லையென்றால், எல்லா வசனமும் ஒரே லுக்கில் பதிவாகிவிடும். எடிட்டிங் மேசையில் பாதிக் காட்சி ஒட்டாது.

ஒருமுறைகூடத் தாண்டாமல் எப்படி? அழகான பின்னணி மறுபக்கம்தான் இருக்கிறது.

தாண்டலாம், பார்வையாளரையும் கூட்டிக்கொண்டு தாண்ட வேண்டும். டிராலியில் கேமராவே ஷாட்டுக்குள் கோட்டைக் கடந்தால், புதுப் பக்கத்தை அவர் பழகிக்கொள்கிறார். கோட்டின் மேலேயே கேமராவை வைத்து ஒருவரை நேருக்கு நேராக எடுத்தால், அதில் இடமும் இல்லை வலமும் இல்லை. அதற்கடுத்த ஷாட் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். டீ கிளாஸ், அதிலிருந்து எழும் ஆவி என்று இன்சர்ட் ஒன்றைச் செருகித் தாண்டுவதும் உண்டு. இந்தக் கடைசி வழியை அளவுக்கு மீறி நம்புகிறார்கள் என்பது என் கருத்து. இன்சர்ட் துள்ளலை மறைக்குமே தவிர, புது இடத்தைச் சொல்லித் தராது. அதற்குப் பின் இருவரும் சேர்ந்திருக்கும் அகல ஷாட் ஒன்று வந்தால்தான் பார்வையாளர் மனத்தில் மேசை திரும்பும். தாண்டியபின் அந்தப் பக்கமே தங்கிவிட வேண்டும். ஒரு குளோஸுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவது இரண்டு தாண்டல்.

துரத்தல் காட்சியில் இரண்டு வண்டியும் ஒரே திசையில்தான் போகின்றன. அதில் எப்படிக் குழப்பம் வரும்?

சாலையில் ஒரே திசை. திரையில் அப்படி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முன்னால் ஓடும் பைக்கைச் சாலையின் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து, பின்னால் துரத்தும் பைக்கை மறுபக்கத்திலிருந்து எடுத்தால், ஒன்று இடமிருந்து வலமாகவும் மற்றொன்று வலமிருந்து இடமாகவும் போகும். மாற்றி மாற்றி வெட்டும்போது, இரண்டும் நேருக்கு நேர் மோதப் போவதாகத்தான் யாருக்கும் தோன்றும். அல்லது ஓடியவன் திரும்பி வந்துவிட்டான் என்று நினைப்பார்கள். துரத்தலின் பதற்றம் இடைவெளி குறைகிறதா கூடுகிறதா என்பதில் இருக்கிறது. திசை குழம்பினால் இடைவெளியே இல்லாமல் போகிறது.

ஆகவே இரண்டு வண்டிக்கும் ஒரே திசையை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். இடமிருந்து வலம் என்று வைத்துக்கொண்டால், வலப்பக்கம் ஃபிரேமிலிருந்து அவுட் ஆகும் வண்டி அடுத்த ஷாட்டில் இடப்பக்கம் இன் ஆக வேண்டும். முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் இட லுக். துரத்துகிறவன் அவனைப் பார்த்தால் வல லுக். உரையாடலின் கணக்கே இங்கும் வருகிறது. வண்டி கேமராவை நோக்கி நேராக வருவதும் கேமராவை விட்டு நேராக விலகிப் போவதும் திசையற்ற ஷாட்டுகள். அவற்றை எங்கே வேண்டுமானாலும் செருகலாம்.

எந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பது வசதி?

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. கேமராவுக்குத் தெரிவது வண்டியின் வலப்பக்கம் என்றால் வண்டி இடமிருந்து வலமாகப் போகும்; இடப்பக்கம் என்றால் வலமிருந்து இடமாக. சாலை எத்தனை முறை வளைந்தாலும் இது மாறாது. வடக்கு தெற்கை மறந்துவிட்டு, வண்டியின் எந்த விலா நமக்குத் தெரிகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

நம் சாலைகளில் வண்டிகள் இடப்புறமாகப் போகின்றன. அதனால் அருகிலுள்ள நடைபாதையில் கேமராவை வைத்தால் வண்டியின் இடப்பக்கமே தெரியும். திசை வலமிருந்து இடம். இடமிருந்து வலம் வேண்டுமென்றால் நடுத்தடுப்பிலோ எதிர் நடைபாதையிலோ நிற்க வேண்டும். எதிர் நடைபாதையில் நின்றால் எதிரே வரும் வண்டிகள் இடையில் குறுக்கிடும்; வேகத்தைக் கூட்டிக் காட்ட அது நல்லதுதான். கூடவே ஓடும் கேமரா ஜீப், பைக்கை முந்துவதுபோல் அதன் வலப்பக்கத்தில் போகும் என்றால், அதிலிருந்து கிடைப்பதும் இடமிருந்து வலம்தான். ஆக, ஜீப்பிலிருந்து எடுத்ததையும் அருகிலுள்ள நடைபாதையிலிருந்து எடுத்ததையும் யோசிக்காமல் கலந்தால் அடித்துக்கொள்ளும்.

வண்டி தெரு முனையில் திரும்பினால் திசையும் மாறத்தானே வேண்டும்?

மாறலாம், ஆனால் இரண்டு வண்டிக்கும் மாற வேண்டும். கிழக்கே போகும் சாலையில் துரத்தல் இடமிருந்து வலமாக நடக்கிறது. ஒரு சந்திப்பில் முன்னவன் இடப்பக்கம் வெட்டி வடக்கே போகிறான். வடக்குத் தெருவில் மேற்குப் பக்கம் நின்று எடுத்தால் அவன் வலமிருந்து இடமாகப் போவான். இப்போது எடிட்டர், இன்னும் சந்திப்புக்கு வராத துரத்துபவனுக்கு வெட்டுகிறார். அவன் இடமிருந்து வலம். மறுபடியும் மோதல் தோற்றம்.

தீர்வு இரண்டு. முதலாவது, வடக்குத் தெருவிலும் வண்டியின் வலப்பக்கத்தையே, அதாவது கிழக்குப் பக்கத்தையே, பிடித்துக்கொள்வது. திசை மாறாது, எடிட்டர் எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். இரண்டாவது, திருப்பத்தையே காட்டுவது. சந்திப்பின் தென்கிழக்கு மூலையில் கேமராவை வைத்தால், பைக் இடப்பக்கமிருந்து வந்து, திரும்பி, முதுகு காட்டி விலகும். அது திசையற்ற ஷாட்டாக முடிவதால் அடுத்து எந்தத் திசையும் தகும். ஆனால் கேமராவை அசைக்காமல், துரத்துபவனும் அதே ஃபிரேமில் வந்து திரும்பும்வரை எடுக்க வேண்டும். இருவரும் கடந்த பிறகே புதுத் திசைக்குப் போகலாம். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஒரே ஃபிரேமில் இருவரும் கடப்பதால், அவர்களுக்கிடையே எத்தனை வினாடி இடைவெளி என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது.

கியர், ஆக்ஸிலரேட்டர் இன்சர்ட்டுகளுக்கும் இந்த விதி உண்டா?

உண்டு, பலரும் சறுக்கும் இடம் இதுதான். இன்றைய பைக்குகளில் கியர் இடக்காலில். ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் வலக்கையில். பின் பிரேக் வலக்காலில். துரத்தல் இடமிருந்து வலம் என்றால் கேமரா வண்டியின் வலப்பக்கம் இருக்க வேண்டும். ஆனால் கியர் போடும் காலை எடுக்க இடப்பக்கம் போயாக வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பைக்கின் மூக்கு திரையின் இடப்பக்கம் நோக்கும். அரை வினாடி இன்சர்ட்தான் என்றாலும், தரை எதிர்த் திசையில் ஓடுவது கண்ணில் படும்.

கியரை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டர் முறுக்கலையோ பின் பிரேக்கையோ எடுப்பது நல்லது. கியர்தான் வேண்டுமென்றால், தரை ஓட்டம் தெரியாத அளவுக்கு ஷூவும் லீவரும் மட்டும் நிறையும்படி இறுக்கமாக, அல்லது முன்புறமிருந்து எடுக்கலாம். வலப்பக்கம் கியர் இருந்த பழைய புல்லட்டில் ஓட்டினால் இந்தத் தொல்லையே இல்லை.

காருக்குள் எடுக்கும்போது ஏன் எல்லாமே தலைகீழாகத் தெரிகிறது?

நம் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். வசதி கருதிக் கேமராவைப் பக்கத்துச் சீட்டில் வைக்கிறோம். அங்கிருந்து ஓட்டுநரின் இடக்கன்னம் தெரியும், அவர் திரையில் இடப்பக்கம் நோக்கி ஓட்டுவார். வெளியே காரை இடமிருந்து வலமாக எடுத்திருந்தால் இரண்டும் ஒட்டாது. ஓட்டுநர் கதவுக்கு வெளியே கேமராவை மாட்டலாம், முன்கண்ணாடி வழியாக நேராக எடுக்கலாம், அல்லது வெளி ஷாட்டுகளை வலமிருந்து இடமாகத் திட்டமிடலாம். கடைசி வழிக்குச் செலவே இல்லை.

இருவர் பேசிக்கொண்டே போகும் காரில் இரண்டு கோடுகள் உண்டு: வண்டி போகும் கோடு ஒன்று, ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் இடையே குறுக்காக ஓடும் கோடு ஒன்று. பானெட்டிலிருந்து எடுத்தால் ஓட்டுநர் திரையின் இடப்பக்கம். பின்சீட்டிலிருந்து எடுத்தால் வலப்பக்கம். பேச்சு நடக்கும்வரை குறுக்குக் கோட்டுக்கு முன்னாலேயே இருங்கள்.

பெரிய இயக்குநர்கள் மீறியிருக்கிறார்களே?

மீறியிருக்கிறார்கள், அவர்கள் எதைக் கைவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யசுஜிரோ ஓசுவின் 1953ஆம் ஆண்டுப் படமான 'டோக்கியோ ஸ்டோரி'யில் எதிரெதிரே பேசுபவர்கள் ஒரே பக்கம் பார்ப்பதுபோல் அடிக்கடி வரும். ஆனால் நடிகர்கள் கிட்டத்தட்ட லென்ஸை நோக்கியே பேசுகிறார்கள், ஃபிரேம் அமைப்பு ஒன்றோடொன்று பொருந்துகிறது, படம் முழுவதும் அதே ஒழுங்கு நிலவுகிறது. பார்வையாளர் சிறிது நேரத்தில் அந்த மொழியைக் கற்றுக்கொள்கிறார். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தில், 1980, சிவப்புச் சுவர்க் கழிப்பறையில் ஜாக்கும் கிரேடியும் பேசும்போது, இருவரும் நிற்கும் ஷாட்டிலிருந்து கோட்டின் மறுபக்கத்து ஷாட்டுக்கு நேராக வெட்டுகிறார்கள். இடம் மாறி நிற்பதுபோல் தெரிகிறது. அந்த இடறல்தான் அங்கே தேவை. ஜான் ஃபோர்டின் 'ஸ்டேஜ்கோச்' துரத்தலில், 1939, திசைகள் கலந்து வருகின்றன. ஆனால் துரத்தப்படுவது ஒரு கோச் வண்டி, துரத்துபவர்கள் குதிரை வீரர்கள், சுற்றிலும் வெட்டவெளி. எது எதைத் துரத்துகிறது என்பதில் ஒருவருக்கும் ஐயம் வராது. ஒரே மாதிரி இரண்டு கறுப்பு பைக்குகளை வைத்துக்கொண்டு சந்துக்குள் அதைச் செய்து பார்த்தால் வித்தியாசம் புரியும்.

கால்பந்து ஒளிபரப்பில் மட்டும் கோல் விழுந்ததை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறார்களே?

நேரடி ஆட்டத்தை எப்போதும் மைதானத்தின் ஒரே பக்கத்திலிருந்துதான் காட்டுகிறார்கள். இல்லையென்றால் எந்த அணி எந்தக் கோலை நோக்கிப் போகிறது என்பதே தெரியாது. மறுபக்கக் காட்சி ரீப்ளேயில் வருகிறது; அப்போதும் 'ரிவர்ஸ் ஆங்கிள்' என்று திரையில் எழுதிவிடுவது வழக்கம்.

எடுத்து முடித்தாகிவிட்டது, லுக் தப்பு. எடிட்டிங்கில் ஷாட்டை இட வலமாகப் புரட்டிவிட்டால் போதாதா?

டைட் குளோஸ் என்றால் பல சமயம் போதும். ஆனால் புரட்டியதை எது காட்டிக் கொடுக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். செல்வி சேலை கட்டியிருந்தால் முந்தானை இடத் தோளிலிருந்து வலத் தோளுக்குப் போய்விடும். இதை ஒரு நொடியில் கண்டுபிடிக்காத பெண் பார்வையாளர் இருக்க மாட்டார். குமரனின் சட்டைப் பை வலப்பக்கம் வந்துவிடும். மூக்குத்தி, தலை வகிடு, கைக்கடிகாரம், கன்னத்து மச்சம் எல்லாமே இடம் மாறும். பின்னால் விலைப்பட்டியல் பலகை தெரிந்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிவிடும். துரத்தலில் நம்பர் பிளேட்டும் கடைப் பெயர்களும் தெரியும், கார் இடப்பக்க ஸ்டியரிங் கொண்டதாக ஆகிவிடும், வண்டிகள் சாலையின் வலப்புறமாக ஓடும்; ஆகவே அங்கே புரட்டுவது அரிதாகவே எடுபடும்.

புரட்ட முடியாதபோது, அந்தக் குளோஸை விட்டுவிட்டு சஜஷன் ஷாட்டிலோ, காட்சி முழுவதையும் அகலமாக எடுத்த மாஸ்டர் ஷாட்டிலோ அந்த வசனத்தை ஓட்டலாம். அல்லது செல்வி பேசுவதைக் கேட்கும் குமரனின் முகத்தின்மேல் அவள் வசனத்தைப் போடலாம். இவை எதுவும் இல்லாமல், நடிப்பு அந்தத் தப்பான ஷாட்டில்தான் உச்சமாக இருக்கிறது என்றால், நான் ஷாட்டை வைத்துக்கொள்வேன். ஆனால் காட்சியின் தொடக்கத்தில் அல்ல. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பார்வையாளருக்கு நன்றாகப் பதிந்துவிட்ட பிறகு, காட்சியின் பிற்பகுதியில் வைப்பேன். அதற்கடுத்த ஷாட்டாக இருவரும் தெரியும் அகல ஷாட்டைப் போடுவேன்.